எண்ணெய்க்கு அஞ்சலாமா?

மருத்துவமனையில் முதியோரைச் சந்திக்க எங்கள் பங்கிலிருந்து மாதந்தோறும் சிலர் செல்கிறோம். செபமாலை முடிந்தபின் ஐந்து நிமிட ஞான உரை ஒன்று ஆற்றுவது எங்கள் வழக்கம். நோயாளிக்கு நெடிய உரை ஆகாது. ஒரே கருத்து, கைக்கெட்டும் ஓர் உவமை, அவர்களுக்கு மனப்பாடமான ஒரு செபம், இவை போதும். கண்கள் சொக்கத் தொடங்கினாலோ, போர்வையைக் கை பிசையத் தொடங்கினாலோ, உரையை அத்துடன் முடித்துக்கொள்வோம்.

எந்தக் கருத்தைச் சொல்வது என்பதை அவர்களுடைய அச்சமே பல வேளைகளில் காட்டிவிடுகிறது. பெண்கள் பகுதியில் எண்பதைக் கடந்த ஒரு தாய் இருந்தார். இடுப்பெலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சைக்காகக் காத்திருந்தார். பங்குக் குருவானவரை அழைத்து வரலாமா என்று மகன் கேட்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். “அவஸ்தை பூசுற அளவுக்கு நான் இன்னும் ஆயிடலை, ஐயா” என்றார்.

அவர்மீது குற்றமில்லை. அவர் சிறுமியாயிருந்த காலத்தில் அந்த அருட்சாதனத்தின் பெயரே ‘அவஸ்தை பூசுதல்’. மூச்சு இழுக்கும் வேளையில்தான் பெரும்பாலும் குருவானவரை அழைத்தார்கள். அவர் எண்ணெய்ச் சிமிழோடு தெருவில் வந்தால் அந்த வீட்டில் சாவு நெருங்கிவிட்டது என்று ஊரே அறிந்துகொண்டது. எண்ணெய்க்குப்பின் மரணம் என்பதே அப்பிள்ளை கண்ட வரிசை.

ஆகவே அன்று நாங்கள் ஆயத்தம் செய்திருந்த உரையை விட்டுவிட்டோம். நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப்போட்டு, அவர் கண்மட்டத்தில் அமர்ந்து, கூச்சலின்றி மெதுவாக இவ்வாறு பேசினோம்:

“அம்மா, முழங்கால் வலித்தால் தைலம் தேய்க்கிறோம். பிள்ளைக்குச் சளி கட்டினால் நெஞ்சில் எண்ணெய் தடவுகிறோம். சாகட்டும் என்றா தடவுகிறோம்? சுகமாகட்டும் என்றுதானே! நல்ல சமாரியன் கதை உங்களுக்குத் தெரியும். வழியில் அடிபட்டுக் கிடந்தவனுடைய காயங்களில் அவன் எண்ணெயும் இரசமும் வார்த்துக் கட்டினான். அடிபட்டவன் பிழைக்கவேண்டும் என்றே வார்த்தான். ஆண்டவர் அனுப்பிய சீடர்களும் நோயாளிகளுக்கு எண்ணெய் பூசிக் குணப்படுத்தினார்கள் என்று மாற்கு எழுதியிருக்கிறார். உங்களில் யாராவது நோயுற்றால் திருச்சபையின் மூப்பர்களை அழையுங்கள் என்கிறார் யாகப்பர். நோயுற்றால் என்றுதான் சொன்னார். மூச்சு நிற்கும்போது என்று சொல்லவில்லை.”

அவர் முகம் மெல்லத் திரும்பியது. “அப்போ பேரையே மாத்திட்டாங்களா?” என்று கேட்டார். ஆம், மாறிவிட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ஆம் ஆண்டிலேயே ‘நோயில் பூசுதல்’ என்னும் பெயரே பொருத்தமானது என்று கூறியது. பாப்பிறை ஆறாம் சின்னப்பர் 1972-ஆம் ஆண்டு இச்சடங்கைத் திருத்தியமைத்தார். முன்னர் கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று பூசினார்கள். இப்போது நெற்றியிலும் கைகளிலும் மட்டும் பூசுகிறார்கள். பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முன்பும் பெறலாம். முதுமையால் மிகத் தளர்ந்தவர்கள் வேறு கடும் நோய் இல்லாதபோதும் பெறலாம். குணமடைந்தபின் மீண்டும் கடும் நோய் வந்தாலும், அதே நோய் முற்றினாலும், மறுபடியும் பெறலாம். மரண வேளைக்கென்று திருச்சபை வைத்திருப்பது வழியுணவாகத் தரப்படும் நற்கருணை. இவற்றையெல்லாம் நாங்கள் ஒரே மூச்சில் சொல்லவில்லை. அவர் கேட்டவற்றுக்கு மட்டும் விடை சொன்னோம்.

எலும்பு கூடிவிடும் என்று நாங்கள் வாக்குக் கொடுக்கவுமில்லை. அப்படிச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. வலியைத் தாங்கும் திடமும், பாவ மன்னிப்பும், அச்சத்தில் அமைதியும் இந்த அருட்சாதனத்தின் கொடைகள். ஆன்மாவுக்கு நன்மையாயின் உடல் நலத்தையும் இறைவன் அருள்வார். இதற்குமேல் சொல்லும் ஆறுதல், நோய் நீடித்தால் விசுவாசத்தையே புண்படுத்திவிடும்.

மறுநாள் மாலை குருவானவர் வந்தார். தலைமீது கை வைத்து மௌனமாகச் செபித்து, நெற்றியில் பூசினார். கைகளுக்கு வருமுன் அத்தாய் தாமே இரு உள்ளங்கைகளையும் விரித்து நீட்டினார். ‘ஆமென்’ என்று அவர் சொன்னது அடுத்த கட்டிலுக்கும் கேட்டது.

அந்த ‘ஆமென்’ நம் இல்லங்களுக்கு ஒன்றைக் கற்பிக்கிறது. அம்மா பயந்துவிடுவார் என்று பிள்ளைகள் நாளைக் கடத்துகிறார்கள். நினைவு தப்பியபின் பதறி ஓடி வருகிறார்கள். அப்போதும் குருவானவர் பூசுவார். ஆனால் நோயாளி கேட்கவும், பாவசங்கீர்த்தனம் செய்யவும், கையை நீட்டவும் வாய்த்திருந்த வேளை போய்விடுகிறது. ஆகையால் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்ததும் குருவானவருக்குச் சொல்லி அனுப்புங்கள். முதியவரிடம், “சாமி வந்து உங்களுக்குத் திடம் கிடைக்க மந்திரிப்பார், நாங்களும் கூட இருந்து செபிப்போம்” என்று முன்னரே சொல்லுங்கள். பின்னர் குடும்பத்தார் எல்லாரும் கட்டிலைச் சூழ்ந்து நில்லுங்கள். தம்மைச் சூழ்ந்து நிற்பவர்கள் அழவில்லை, செபிக்கிறார்கள் என்று காணும்போதே முதியவரின் பாதி அச்சம் நீங்கிவிடும்.