எந்த ஆடிட் பக்கம் போறது?

சிஏ முடிச்ச தம்பி ஒருத்தன் நேத்து கேட்டான். "அண்ணா, எக்ஸ்டர்னலா, இன்டர்னலா, ரிஸ்க்கா?"

ஒரு குடோனை வச்சே சொன்னேன்.

எக்ஸ்டர்னல் ஆடிட்டர் மார்ச் 31-ஐ ஒட்டி வருவார்.
சரக்கை எண்ணிப் பார்ப்பார். மூலையில தூசி படிஞ்சு கிடக்கிற பெட்டிகளைத் திறக்கச் சொல்வார்.
வாங்கின விலைக்கு அது இனி விக்காதுன்னா, கணக்குல மதிப்பைக் குறைக்கணும்.
வருஷக் கணக்கை நம்பலாமாங்கிறதுதான் அவரோட கேள்வி.

இன்டர்னல் ஆடிட்டர், அந்தத் தூசி ஏன் படிஞ்சதுன்னு தேடுவார்.
ஆர்டர் போட்டவரே சரக்கு வந்து சேர்ந்த சீட்டுலயும் கையெழுத்துப் போட்டிருந்தா, அங்கேயே நின்னுடுவார்.

ரிஸ்க் ஆளு நடக்காததைக் கேட்பார்: இருக்கிற ஒரே சப்ளையரும் கைவிரிச்சா எத்தனை நாள் தாங்கும்?

பின்னாடி பாதை பிரியும்.
எக்ஸ்டர்னல்ல இருந்தவங்க பார்ட்னராவாங்க, இல்லன்னா கம்பெனிகள்ல ஃபைனான்ஸ் கன்ட்ரோலர், சிஎஃப்ஓ.
இன்டர்னல்ல இருந்து மோசடி விசாரணை, கம்ப்ளையன்ஸ், சில பேர் ஆபரேஷன்ஸ்.
ரிஸ்க்னா பெரும்பாலும் வங்கி, இன்சூரன்ஸ்.

முதல்ல சில வருஷம் எக்ஸ்டர்னல்ல இருன்னேன். அங்கிருந்து மத்த ரெண்டுக்கும் போகலாம். திரும்பி வர்றது கஷ்டம்.

இன்டர்னல்லயே ஆரம்பிச்சவங்க இங்க இருந்தா சொல்லுங்க, நீங்க அவனுக்கு என்ன சொல்வீங்க?