விரல் வைத்தால்தான் வருகிறது

பெண்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசினால் மூட்டுவலி, சர்க்கரை, பிரஷர் எல்லாம் வரும். மலச்சிக்கல்கூட வந்துவிடும். ஆனால் நான் இன்று எழுதப்போவதை யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. எழுபது தாண்டியாயிற்று, இனி எனக்கென்ன வெட்கம்? ஆண்கள் இங்கேயே நிறுத்திவிட வேண்டாம். உங்கள் வீட்டு அம்மாள் காலையில் மூன்று தடவை கக்கூஸுக்குப் போய்வந்தும் முகம் சுளித்தபடி இருந்தால், காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

என் மூத்தவன் 1974இல் பிறந்தான். ஏறக்குறைய நாலு கிலோ. இரவெல்லாம் முக்கியும் தலை இறங்காமல், விடியற்காலையில் ஆயுதம் போட்டு எடுத்தார்கள். அடுத்த இரண்டும் சுலபமாகப் பிறந்தன. அதற்குப் பிறகு ஆபீஸ், ஃபைல், பஸ் என்று முப்பது வருஷம் ஓடிவிட்டது. தீட்டு நின்று சில வருஷங்கள் கழித்துத்தான் அந்த உணர்வு ஆரம்பித்தது. மலம் வாசல் வரைக்கும் வந்து நிற்கும். முக்கினால் வெளியே வராமல் முன்பக்கமாக எங்கேயோ போய்ப் பிதுங்கும். கொஞ்சம் போய்விட்டு எழுந்தால், மிச்சம் உள்ளே இருக்கிறது என்று நன்றாகத் தெரியும். கழுவிக்கொண்டு வந்து காபி டம்ளரை எடுப்பதற்குள் மறுபடி போகத் தோன்றும். சில நாள் உள்ளாடையில் லேசாகக் கறையும் படும்.

ஒருநாள் கழுவும்போது பிறப்புறுப்பின் உள்ளே, பின்பக்கச் சுவரில், கோலிக்குண்டை விடப் பெரியதாக ஒரு புடைப்பு விரலில் தட்டியது. அதைப் பின்பக்கமாக அழுத்தினேன். நின்றிருந்த மலம் சட்டென்று வெளியே வந்துவிட்டது. அதிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. யாரும் சொல்லித் தரவில்லை. இந்தத் தொல்லை உள்ள பெண்கள் பலரும் இப்படித் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொள்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயதில், ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில், ஒரு பெண் டாக்டரிடம் போனேன். என் மகள் வயதுதான் இருக்கும். நான் சுற்றிவளைத்து, "முழுசா வெளியே போன மாதிரி இல்லம்மா" என்றேன். அவர் எழுதிக்கொண்டே, "விரல் வச்சு அழுத்தினாத்தான் வருதாம்மா?" என்று கேட்டார். தினம் பத்துப் பேரிடம் கேட்கிற கேள்வி மாதிரி கேட்டார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "இந்த ஒரு பதில்லேயே எனக்குப் பாதி விஷயம் தெரிஞ்சிடும்மா, அதான் கேட்டேன்" என்றார்.

இதற்குப் பெயர் ரெக்டோசீல். பிறப்புவழிக்கும் மலக்குடலுக்கும் நடுவே ஒரு சுவர்தான். பிரசவத்தில் தலை இறங்கும்போது அந்தச் சுவரைத் தாங்கும் சவ்வும் தசையும் இழுபட்டுத் தளரும், சில இடத்தில் கிழியும். பெரிய குழந்தை, நீண்ட நேரம் முக்கியது, ஆயுதப் பிரசவம் எல்லாம் அதற்குச் சாதகம். தீட்டு நின்றபின் சதை இன்னும் மெலியும். வருஷக்கணக்காக மலச்சிக்கலில் முக்குவதும் சேர்ந்துகொள்ளும். சைக்கிள் டயரில் வெடிப்பு விழுந்தால் உள்ளே இருக்கும் டியூப் அந்த வழியாகப் பிதுங்கிக்கொண்டு வருமல்லவா, அப்படி மலக்குடலின் முன்பக்கம் பிறப்புவழிக்குள் பிதுங்கி ஒரு பை மாதிரி ஆகிவிடுகிறது. நாம் முக்கும் விசை மலத்தை ஆசனவாயை நோக்கித் தள்ளாமல் அந்தப் பைக்குள் தள்ளுகிறது. எவ்வளவு முக்குகிறோமோ அவ்வளவு பை விரியும். எழுந்து நடந்தால் பையில் இருந்தது மெல்லக் கீழே இறங்கும், உடனே மறுபடி போகத் தோன்றும். விரலால் அழுத்தும்போது பிதுங்கிய இடத்துக்கு நாமே சுவராகிறோம், மலம் நேர்வழியில் போகிறது.

"அழுத்துறது தப்பா டாக்டர்?" என்று கேட்டேன். தப்பில்லை என்றார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். பெருவிரலைக் கொஞ்சம் உள்ளே வைத்துப் பின்பக்கமாக, முதுகுத்தண்டின் அடியைப் பார்த்து, மெதுவாக அழுத்தினால் போதும். உள்ளே விரல் வைக்கப் பிடிக்காதவர்கள் இரண்டு வாசலுக்கும் நடுவே உள்ள சதையை வெளியிலிருந்தே மேல்நோக்கி அழுத்திப் பார்க்கலாம். ஆசனவாய்க்குள் விரல் விட்டுத் தோண்டுவது வேறு சங்கதி. அது புண்ணாக்கும்.

அந்த நடுச்சதைக்குத் தமிழில் நாம் புழங்கும் சொல் எதுவும் எனக்குத் தெரியவில்லை. கன்னியாஸ்திரீகளிடம் பிரெஞ்சில் படித்தவள் நான். கல்லீரல், மண்ணீரல் எல்லாம் பிரெஞ்சில் ஒப்பித்திருக்கிறேன், ஆனால் எங்கள் பாடப் புத்தகத்தில் உடம்பு இடுப்போடு நின்றுவிடும். 'பெரினே' என்ற சொல்லைப் பாரிஸ் பக்கம் குடியேறிய என் தங்கைதான் தொலைபேசியில் சொன்னாள். அங்கே குழந்தை பெற்ற பெண்ணுக்கு அந்தத் தசையைப் பலப்படுத்தப் பயிற்சி எழுதிக் கொடுக்கிறார்கள். வழக்கமாகப் பத்துத் தடவை, செலவை அரசாங்கக் காப்பீடே ஏற்கிறது. இங்கே நமக்குப் பத்திய லேகியமும் வெந்நீரும்தான். லேகியத்தைக் குறை சொல்லவில்லை, அது வேறு வேலைக்கு.

டாக்டர் ஒரு வாரம் கணக்கு எழுதிவரச் சொன்னார். குமாஸ்தாவுக்குச் சொல்லவா வேண்டும்! பழைய டைரியில் கோடு போட்டேன். ஏழு நாளில் பதினாறு தடவை போயிருக்கிறேன், அதில் ஒன்பது தடவை விரல். பிறகு அவர் சொன்னபடி இரவில் இரண்டு தேக்கரண்டி இசப்கோல் உமியை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி, கெட்டியாகும் முன் குடித்து, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீரும் குடித்தேன். தண்ணீர் குறைந்தால் உமியே அடைத்துக்கொள்ளும். மூட்டுவலியால் வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கு மாறியிருந்தேன். காலடியில் ஒரு சின்ன முக்காலி போட்டு, முழங்கால் இடுப்புக்கு மேலே வருமாறு முன்னால் சாய்ந்து உட்காரச் சொன்னார். மூச்சை அடக்கி முக்கக்கூடாது, மூச்சை விட்டபடி வயிற்றைத் தளர்த்த வேண்டும். காலைக் காபிக்குப் பிறகு குடல் தானே அசையும் நேரத்தில்தான் உட்கார வேண்டும், பத்து நிமிஷத்துக்கு மேல் கூடாது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் வாரத்துக்கு எட்டுத் தடவை, விரல் இரண்டு தடவை. புடைப்பு அப்படியேதான் இருந்தது. மலம் மெத்தென்று ஆனதால் பையில் தேங்குவது குறைந்துவிட்டது.

ஆபரேஷன் வேண்டுமா என்று கேட்பீர்கள். பிறப்புவழியின் பின்சுவரைத் திறந்து, தளர்ந்த சதையை இழுத்துச் சேர்த்துத் தைக்கிறார்கள். புடைப்பு வெளியே தொங்கித் தொல்லை தந்தாலோ, இதெல்லாம் செய்தும் தீராவிட்டாலோ அது நல்ல வழிதான். ஆனால் சிலருக்கு முக்கும்போது ஆசனவாய்த் தசை தளர்வதற்குப் பதிலாக இறுகிக்கொள்ளும். டாக்டர் விரல் வைத்து முக்கச் சொல்லிச் சோதிப்பதில் ஒன்று அது. அப்படிப்பட்டவர்களுக்குத் தைத்தாலும் சிக்கல் போகாது, தசையைத் தளர்த்தப் பழக்க வேண்டும். தைத்த இடம் வருஷங்கள் கழித்து மறுபடி தளர்வதும் உண்டு. எனக்குத் தளரத் தெரிகிறது, தொல்லையும் பொறுக்கிற அளவு என்பதால் வேண்டாமென்று இருவரும் முடிவு செய்தோம்.

மலத்தில் ரத்தம் போனாலோ, எடை தானாகக் குறைந்தாலோ, பல வருஷப் பழக்கம் திடீரென்று மாறினாலோ இதன் தலையில் போடாதீர்கள். அதற்குக் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

டாக்டரிடம் போனால் 'மலச்சிக்கல்' என்று மட்டும் சொன்னால் பேதி மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார்கள். "முன்பக்கம் பிதுங்குது, விரல் வச்சு அழுத்தினாத்தான் வருது" என்று சொல்லுங்கள். வாய் வராவிட்டால் சீட்டில் எழுதி நீட்டுங்கள்.