மாமியின் பங்கு பதினெட்டா, இருபத்தாறா?

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் சாச்சா இரண்டு கொப்பிகளோடு வீட்டுக்கு வந்தார். "மகன், நீங்க பிள்ளைகளுக்குக் கணக்கீடு படிப்பிக்கிறவர்தானே. இந்த ரெண்டு கடையயும் ஒண்டாக்கிற கணக்க ஒருக்காப் போட்டுத் தாங்களேன்" என்றார். பெரிய மாமாவும் மச்சானும் நடத்தும் இரும்புக்கடை ஒன்று. சாச்சாவும், காலஞ்சென்ற சின்ன மாமாவின் இடத்தில் பங்காளராக இருக்கும் மாமியும் நடத்தும் பெயின்ற், பைப் கடை மற்றது. நாலு பேரும் சேர்ந்து ஒரே பங்குடைமையாக்கப் போகிறார்கள்.

ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்திலிருந்து இந்தக் கணக்கைச் செய்து வருகிறேன். கரும்பலகையில் பதினைந்து நிமிட வேலை. ஆனால் அன்று சாச்சா ஏற்கெனவே ஒரு துண்டில் போட்டு வைத்திருந்த கணக்கைப் பார்த்ததும் மனம் திக்கென்றது. இரண்டு ஐந்தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அப்படியே கூட்டியிருந்தார். (இப்போது பிள்ளைகளுக்கு நிதிநிலைமைக் கூற்று என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டில் ஐந்தொகை என்றால்தான் விளங்கும்.) கூட்டலில் பிழையில்லை. ஆனால் அந்தக் கூட்டலில் மாமியின் காசு மற்றவர்களுக்குப் போகிறது. அது சாச்சாவுக்கும் தெரியாது, மாமிக்கும் தெரியாது.

தொகைகளைக் கொஞ்சம் மாற்றி, முழு இலட்சங்களாக எழுதுகிறேன்.

இரும்புக்கடையின் கொப்பியில் லொறி 18, சரக்கு 30, கடன்பட்டோர் 14, வங்கியில் 6, மொத்தம் 68 இலட்சம். கடன்கொடுத்தோருக்கு 20. மிச்சம் 48இல் பெரிய மாமாவின் மூலதனம் 30, மச்சானுடையது 18. இலாபத்தை 3:2 என்று பிரிப்பார்கள். பைப் கடையில் காணியும் கட்டடமும் 20, சரக்கு 16, கடன்பட்டோர் 9, வங்கி 3, மொத்தம் 48. கடன்கொடுத்தோர் 8. சாச்சா 22, மாமி 18. இலாபம் சரிபாதி.

அந்தக் காணியைப் பாருங்கள். உறுதி பங்காளர் பெயரில் இருந்தாலும் கடைக் காசில் வாங்கியது, ஆகவே கடையின் சொத்து. கொப்பியில் இருப்பது வாங்கிய விலை. இன்றைக்கு மதிப்பீட்டாளர் சொன்னது 38 இலட்சம். கொப்பி விலையிலேயே கடைகளைச் சேர்த்துவிட்டு நாளைக்குக் காணியை விற்றால், வரும் 18 இலட்சம் இலாபம் புதிய கடையின் இலாபம். நாலு பேருக்கும் சமமாகப் போய், மாமிக்கு நாலரை இலட்சம் கிடைக்கும். ஆனால் காணி விலையேறியது அவர்கள் இரண்டு பேரும் வைத்திருந்த காலத்தில். நியாயப்படி அவருக்கு 9. மீள்மதிப்பீட்டுக் கணக்கு இதற்காகத்தான்: சேரும் நாளுக்கு முந்திய ஏற்ற இறக்கத்தைப் பழைய பங்காளருக்குள்ளேயே, பழைய விகிதத்தில் முடித்துவிடுவது.

மறுநாள் இரண்டு கடையிலும் உட்கார்ந்தோம். லொறி 18க்கு இருந்தாலும் சந்தையில் 22 போகும். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வாகனங்களின் விலை ஏறியது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இரும்புக்கடைச் சரக்கில் துருப்பிடித்த கம்பி, யாரும் கேட்காத பழைய பிட்டிங்ஸ் எல்லாம் கழித்தால் 25தான். பைப் கடையில் வேறு பிரச்சினை. சில பெயின்ற் வாளிகளை விற்கும் விலைக்கு எண்ணியிருந்தார்கள். வாங்கிய விலை, விற்றால் செலவு போகக் கையில் வரும் தொகை, இரண்டில் குறைந்ததுதான் சரக்கின் பெறுமதி. 16 இலட்சம் 15 ஆனது.

கடன்பட்டோரில்தான் சத்தம் வந்தது. இரும்புக்கடைக் கொப்பியில் பைப் கடை 2 இலட்சத்து 40 ஆயிரம் தர வேண்டும் என்று இருந்தது. பைப் கடைக் கொப்பியிலோ 2 இலட்சம்தான். மச்சான் முகம் சுருங்கிவிட்டது. பழைய பில்களைத் தேடினோம். பைப் கடை திருப்பி அனுப்பிய தகரத்துக்கு இரும்புக்கடை செலவுத்தாள் எழுதாமல் விட்டிருந்தது. தகரம் கடைக்குள்தான் நின்றது, சரக்கு எண்ணும்போது அதுவும் எண்ணப்பட்டுவிட்டது. இரண்டு கடைக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்தால் இதை முதலில் ஒத்துப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் புதிய ஐந்தொகை கடைசிவரை சமப்படாது, ஏன் என்றும் தெரியாது. இந்த 40 ஆயிரத்தோடு, வராது என்று முடிவான வேறு கடன்களையும் சேர்த்து 4 இலட்சம் கழித்தோம். பைப் கடையில் 1 இலட்சம்.

இப்போது இரும்புக்கடைக்கு லொறியில் 4 கூடி, சரக்கில் 5உம் கடனில் 4உம் குறைந்து, நட்டம் 5. அது 3:2இல் போய் பெரிய மாமா 27, மச்சான் 16. பைப் கடைக்குக் காணியில் 18 கூடி, மற்ற இரண்டிலும் 2 குறைந்து, இலாபம் 16. ஆளுக்கு 8. சாச்சா 30, மாமி 26.

பெரிய மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப எங்கட கடைப் பேருக்கு ஒண்டும் இல்லையா?" என்றார். நியாயமான கேள்வி. ஊரில் கம்பி என்றால் அவர் கடைதான். நாலு பேருமாகப் பேசி நன்மதிப்பு இரும்புக்கடைக்கு 10, பைப் கடைக்கு 6 என்று முடிவு செய்தார்கள். அதைப் பழைய விகிதத்தில் மூலதனத்தில் ஏற்றி, மொத்தம் 16ஐயும் புதிய விகிதத்தில், ஆளுக்கு 4 வீதம் இறக்கினேன். நன்மதிப்பு புதிய கொப்பியில் நிற்காது. ஆனால் பெரிய மாமாவுக்கு 2 கூடுகிறது, மச்சானுக்கு மாற்றமில்லை, சாச்சாவுக்கும் மாமிக்கும் ஒவ்வொன்று குறைகிறது. பெயருக்கு அவர்கள் கொடுத்த விலை அது. பிள்ளைகள் அதிகம் பிழைவிடும் இடமும் இதுதான்: ஏற்றுவதையும் இறக்குவதையும் ஒரே விகிதத்தில் செய்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

புதிய கடையின் ஆரம்ப ஐந்தொகை: காணி கட்டடம் 38, லொறி 22, சரக்கு 40, வங்கி 9. கடன்பட்டோர் 10உம் 8உம் சேர்ந்து 18. அதில் பைப் கடை இரும்புக்கடைக்குத் தர வேண்டிய 2 இலட்சத்தை வெட்ட வேண்டும், தனக்குத்தானே யாரும் கடன்காரன் ஆக முடியாதே. ஆக 16. மறுபக்கத்தில் கடன்கொடுத்தோர் 28இலும் அதே 2ஐ வெட்டி 26. சொத்து 125, கடன் போக 99. மூலதனம் பெரிய மாமா 29, மச்சான் 16, சாச்சா 29, மாமி 25. கூட்டினால் 99. மச்சானின் மூலதனம் குறைவுதான், ஆனால் காலையிலிருந்து இரவுவரை கடையில் நிற்பது அவர். அதனால் சமபங்கு. மூலதனத்துக்கு வட்டியும் இல்லை என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

இரண்டு விசயம் அவர்களுக்குச் சொன்னேன். ஒன்று, மாமிக்கு ஏறிய 8 இலட்சம் கொப்பியில் ஏறியது, லாச்சியில் ஏறவில்லை. வங்கியில் இருப்பது மொத்தமே 9. மற்றது, நமக்குள் கணக்கை மாற்றியதால் பழைய சப்ளையர்மாரைப் பொறுத்தமட்டில் ஒன்றும் மாறாது. 1890ஆம் ஆண்டுப் பங்குடைமைச் சட்டப்படி பழைய கடனுக்குப் பழைய பங்காளர்தான் பொறுப்பு, புதிய கடை ஏற்பதென்றால் கடன் கொடுத்தவரும் சம்மதிக்க வேண்டும். மூலதனம் ஆயிரம் ரூபாவுக்கு மேல் என்றால் உடன்படிக்கை எழுத்தில் இருக்க வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டமும் சொல்கிறது. வாய்ப்பேச்சில் விட வேண்டாம் என்றேன்.

மாமி கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்றுதான் கேட்டார்: "மகன், அந்த இருபத்தஞ்சு எண்டு உடன்படிக்கையில எழுத்தாலயும் எழுதுவாங்களா, இல்ல இலக்கத்தில மட்டுமா?"

இரண்டிலும் எழுதச் சொல்லியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை நொத்தாரிசிடம் போகிறார்கள்.