கை தூக்கினாலும் அதே பையன்தானா?

அமுல் பாப்பாவுக்கு மூக்கே கிடையாது. கவனித்திருக்கிறீர்களா? 1966-ல் சில்வெஸ்டர் டகுன்ஹாவும் ஓவியர் யூஸ்டஸ் பெர்னாண்டஸும் உருவாக்கிய சிறுமி அவள். எத்தனையோ வேஷம் போட்டுவிட்டாள். ஆனாலும் நீல முடியும், பெரிய கண்களும், மூக்கில்லாத உருண்டை முகமும் காட்டிக் கொடுத்துவிடுகின்றன.

இந்த ரகசியத்துக்காகத்தான் கோவையில் ஓர் இளம் வடிவமைப்பாளர் ஒரு வாரம் தவித்தார். இட்லி மாவு விற்கும் ஒரு சிறிய கடைக்கு, பாக்கெட்டில் போட ஒரு குண்டுப் பையன் வேண்டும். கும்பிடுகிற முதல் படம் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ஓடுகிற படத்தைப் பார்த்ததும் கடைக்காரம்மா சிரித்தார். "இவன் அவனோட அண்ணன் மாதிரி இருக்கானே கண்ணு!"

ஸ்கேல் வைத்துப் பார்த்தபோது காரணம் புரிந்தது. முதல் படத்தில் உயரம் 9 செ.மீ., தலை 3 செ.மீ. தலை, உடம்பு, கால் மூன்றும் ஒரே அளவு. ஓடுகிற படத்திலோ கால்கள் தலையைவிட ஒன்றரை மடங்கு நீண்டிருந்தன. வேகத்தைக் காட்டும் ஆசையில், கை தானாக நிஜ மனிதனின் கால்களை வரைந்துவிட்டது.

அதனால் முதலில் ஒரு மாதிரித் தாள் தயாரித்தார். முன்புறம், முக்கால் பக்கம், பக்கவாட்டு, முதுகு என நான்கு கோணங்களில் பையன் வரிசையாக நிற்கிறான். உச்சந்தலை, தாடை, இடுப்பு, பாதம் என நான்கு கிடைக்கோடுகள் எல்லா உருவங்களின் வழியாகவும் ஓடுகின்றன. இரு கண்களுக்கு நடுவே ஒரு கண் அளவு இடைவெளி. புதிய படம் எதுவானாலும் முதலில் தலை வட்டம்; மற்ற அளவெல்லாம் அதை வைத்துத்தான்.

அப்போதுதான் அடுத்த சிக்கல் வந்தது. தலைக்கு மேல் இட்லித் தட்டைத் தூக்க வேண்டும். ஆனால் கையின் நீளம் ஒரு தலை அளவுதான். தூக்கினால் உச்சந்தலையைத் தாண்டாது. அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்க, தலைக்கு மேலாகக் கையைப் போட்டு மறுபக்கக் காதைத் தொடச் சொல்வார்களே, அதே கதை! கையை நீட்டி வரைந்தால் ஆள் மாறிவிடுவான். அதனால் தட்டை நெஞ்சுக்கு நேராக நீட்டும்படி போஸையே மாற்றினார்.

உடையில் வேறொரு பொறி இருந்தது. இடதுபக்கம் பார்க்கும் படம் அவசரமாகத் தேவைப்பட, பழைய படத்தைக் கணினியில் திருப்பிப் போட்டார். சட்டைப் பை வலப்பக்கம் போய்விட்டது! அதன்பின் பை எந்தப் பக்கம், துண்டு எந்தத் தோளில், நிற எண் என்ன என்பதெல்லாம் மாதிரித் தாளிலேயே எழுதப்பட்டன.

கடைசியில் ஒரு சோதனை. எல்லாப் படங்களையும் முழுக் கறுப்பாக நிரப்பி, கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தார். முகமும் நிறமும் இல்லாமலே, வெறும் நிழலிலேயே அதே பையன் தெரிய வேண்டும். பன்னிரண்டில் இரண்டு தேறவில்லை. அவற்றைத் திருத்தவில்லை; தலை வட்டத்திலிருந்து புதிதாகவே வரைந்தார்.