வித்தில்லா இலை: பெரணியா, சைக்கஸா?

அசாமின் குன்றுக்காடுகளில் சைக்கஸ் பெக்டினேட்டாவின் மறுவளர்ச்சியைக் கணக்கிடுவோர் எல்லோரும் ஒரே கேள்வியில் சிக்கிக்கொள்கிறார்கள். முதிர்ந்த மரங்களின் அடியில் முழங்கால் உயரத்தில் இறகு வடிவ இலைகளோடு நிற்பவற்றுள் எத்தனை சைக்கஸ் நாற்றுகள், எத்தனை வேறு செடிகள் என்பதே அது. நாற்று என்று எண்ணப்பட்டவற்றுள் பாதி பெரணியாக இருந்துவிட்டால், முதிர்ந்த மரங்கள் மட்டுமே எஞ்சி முதுமையடைந்து வரும் ஒரு கூட்டம் நம் அட்டவணையில் செழித்து வளரும் கூட்டமாகத் தோன்றும். அதன் மீது கட்டப்படும் பாதுகாப்புத் திட்டமும் பொய்த்துப்போகும். இக்குழப்பத்திற்குப் பெரிதும் காரணமாகும் பெரணி பிளெக்னம் ஓரியன்டேல். அதைப் பற்றியே இப்பதிவு.

பாடப்புத்தகம் சொல்லும் வழி எளிது: இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார், வித்தகக் கூட்டங்கள் இருந்தால் பெரணி. பிளெக்னத்தின் முதிர்ந்த இலையில் இது பொய்க்காது. ஒவ்வொரு சிற்றிலையிலும் நடுநரம்பின் இருபுறமும் ஒட்டினாற்போல் இரண்டு பழுப்புக் கோடுகள் நீளமாக ஓடும். அவற்றை மூடும் மெல்லிய உறை நடுநரம்பை நோக்கித் திறக்கும். ஊசி முனையால் சிறிது சுரண்டி நுண்ணோக்கியில் வைத்தால், முதுகில் வளையம் கொண்ட வித்தகங்களும் அவரை விதை வடிவில் ஒற்றைத் தழும்புடைய வித்துகளும் தெரியும். அதன்பின் வாதத்திற்கு இடமில்லை.

ஆனால் களத்தில் நம்மைக் குழப்புவது முதிர்ந்த இலை அன்று; வித்து உண்டாகும் பருவத்தை எட்டாத இளஞ்செடி. வித்து இருப்பது பெரணிக்குச் சான்று. இல்லாமை எதற்கும் சான்றாகாது. இந்த ஒரு வாக்கியத்தை மறந்துவிட்டு எழுதப்பட்ட பெயர்ச்சீட்டுகளை உலர்தாவரச் சேகரிப்புகளில் நான் கண்டதுண்டு.

இதற்கு எதிர்ப்புறமான சிக்கலும் உண்டு. தோட்டத்துச் சைக்கஸ் இலைகளின் அடிப்புறத்தில் செதிற்பூச்சிகள் ஒட்டிக்கொண்டு வெண்மையாகவோ பழுப்பாகவோ புள்ளி புள்ளியாகக் கிடக்கும். வித்தகக் கூட்டம் நரம்பமைப்புக்குக் கட்டுப்பட்டது. ஒரு சிற்றிலையில் எங்கு இருக்கிறதோ, அடுத்ததிலும் அங்கேயே இருக்கும். பூச்சிக்கு அந்த ஒழுங்கு கிடையாது. நகத்தால் தள்ளினால் முழுதாகப் பெயர்ந்து வரும். சைக்கஸ் ரெவொலூட்டாவின் சிற்றிலை ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டிருப்பதும், டெரிஸ் விட்டேட்டா என்ற பெரணியின் ஓரம் வித்தகங்களின் மீது மடிந்திருப்பதும் தொலைவிலிருந்து ஒன்றுபோலவே தோன்றும். மடிப்பை விரித்துப் பாருங்கள். முதிர்ந்த டெரிஸில் பழுப்புத் துகள் இருக்கும். சைக்கஸில் பச்சைத் தோல் மட்டுமே இருக்கும்.

வித்தில்லாத இலைக்கு என்ன செய்வது? சிற்றிலை ஒன்றைக் கிள்ளி வெளிச்சத்திற்கு எதிரே பிடிப்பதே நான் முதலில் செய்வது. பிளெக்னத்தில் நடுநரம்பிலிருந்து ஓரம் வரை மெல்லிய பக்க நரம்புகள் சீப்பின் பற்கள்போல் நெருக்கமாக ஓடும். சில இடையில் இரண்டாகக் கவைக்கும். சைக்கஸ் சிற்றிலையில் இருப்பது ஒரே ஒரு நடுநரம்பு. பக்க நரம்பு என்பதே கிடையாது. நீரைப் பக்கவாட்டில் கடத்தும் வேலையை அங்கே வேறொரு திசு செய்கிறது. உலர்ந்த மாதிரியில் தடிப்பினால் எதுவும் தெரியாவிட்டால், வெந்நீரில் சற்று ஊறவைத்துப் பிறகு பார்க்கலாம்.

ஈச்ச வகைகளின் இளஞ்செடிகளும் இக்காடுகளில் உண்டு. எனினும் அவற்றை விரலே சொல்லிவிடும். ஈச்சஞ் சிற்றிலை அடியில் ஓடம்போல் மேல்நோக்கி மடிந்திருக்கும். நரம்புகள் நீளவாக்கில் இணையாக ஓடும். இலையின் அடி நார் நாரான உறையாகத் தண்டைப் பற்றியிருக்கும்.

அடுத்தது இலைக்காம்பின் அடிப்பகுதி. இங்கே இரு செடிகளும் ஒரே கருத்தை இரு வகையாகச் சொல்கின்றன. கீழே போகப் போகச் சிற்றிலைகள் சிறுத்துக்கொண்டே வந்து, பிளெக்னத்தில் காம்பின் இருபுறமும் சிறு காது மடல்களாக முடிகின்றன. சைக்கஸில் அவை முள்ளாகின்றன. காது கண்டால் பெரணி என்று நான் துணிந்து எழுதுவேன். முள் இல்லை என்பதற்காகச் சைக்கஸ் இல்லை என்று எழுதமாட்டேன். மிக இளைய நாற்றில் முள் தெளிவாக உருவாகாதிருக்கலாம். காம்படியில் உள்ள பழுப்புப் போர்வையையும் கைலென்சால் பார்க்க வேண்டும். பெரணியில் அது தட்டையான செதில், பல செல் அகலம் கொண்டது. சைக்கஸில் அது முடி.

சுருளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ‘இளம் இலை சுருண்டிருந்தால் பெரணி’ என்று வகுப்பில் படித்தவர்கள் சைக்கஸ் தளிரைக் கண்டதும் தடுமாறுவார்கள். அங்கேயும் சுருள் உண்டு. பெரணியில் இலைத்தண்டே கடிகார வில்போல் சுருண்டிருக்கும். சைக்கஸிலோ தண்டு பெரும்பாலும் நிமிர்ந்து நிற்க, அதன் இருபுறமும் உள்ள சிற்றிலைகள் மட்டும் தனித்தனியே சுருண்டிருக்கும். எது சுருண்டிருக்கிறது என்று கேட்க வேண்டுமே தவிர, சுருள் இருக்கிறதா என்றன்று.

ஒரு சிறு கணக்கைச் சொல்கிறேன். ஓடைக்கரையை ஒட்டிய எங்கள் மாதிரிப் பரப்பு ஒன்றில் ‘நாற்று’ என்று குறிக்கப்பட்ட பதினொரு செடிகளை மீண்டும் பார்த்தோம். எதிலும் வித்தகம் இல்லை. நான்கில் பக்க நரம்பும் காது மடலும் தெளிவாக இருந்தன. ஒன்றில் சிவந்த தளிர் முழுதாகச் சுருண்டு நின்றது. அவை பெரணிகள். ஆறில் ஒற்றை நரம்பு மட்டுமே. எஞ்சிய ஒன்றின் இலைகளை ஏதோ புழு அரித்திருந்ததால் நரம்பைப் படிக்க முடியவில்லை. செடியைப் பிடுங்காமல் அடிமண்ணை விரலால் விலக்கினோம். சைக்கஸின் வித்திலைகள் விதைக்குள்ளேயே தங்கிவிடுவதால், முளைத்து நெடுநாளான பின்னும் விதை நாற்றின் கழுத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். இங்கே விதையும் இருந்தது, கீழ்நோக்கிப் போகும் தடித்த ஆணிவேரும் இருந்தது. பெரணியாயின் கிழங்குத் தண்டும் கறுத்த கம்பி வேர்களுமே கிடைத்திருக்கும். ஏழு நாற்று, நான்கு பெரணி. மண்ணை மூடிவிட்டு எண்ணைத் திருத்தினோம்.

நரம்புச் சோதனைக்கும் எல்லை உண்டு. தென்னாப்பிரிக்காவின் ஸ்டாங்கேரியாவில் நடுநரம்பிலிருந்து கவைத்த பக்க நரம்புகள் பெரணியைப் போலவே ஓடுகின்றன. கூம்பில்லாத மாதிரியைக் கொண்டு 1830களில் குன்ட்ஸ் அதை லொமாரியா என்ற பெரணிப் பேரினத்தில் சேர்த்தார். பிளெக்னத்திற்கு மிக நெருங்கிய பேரினம் அது! 1853இல் தாமஸ் மூர் அதைச் சைக்கஸ் வகையென்று பிரித்து, ‘முரணானது’ என்று பொருள்படும் பாரடாக்ஸா என்னும் பெயரைச் சூட்டினார். இந்தியக் காடுகளில் இயற்கையாக வளரும் சைக்கஸ் வகைகள் அனைத்தும் சைக்கஸ் பேரினத்தையே சேர்ந்தவை. ஆகவே இங்கே ஒற்றை நரம்பு நம்பத்தக்கது. தாவரவியல் பூங்காவில் நிற்கும் அயல்நாட்டுச் செடிக்கு இதைப் பொருத்தாதீர்கள். அங்குள்ள ஜாமியாவில் நடுநரம்பே கிடையாது. இணை நரம்புகள் மட்டுமே ஓடும்.

மாதிரி சேகரிக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். மேலிருந்து எடுத்த ஒற்றைப் படத்தை அனுப்பி ‘இது என்ன?’ என்று கேட்காதீர்கள். சிற்றிலையின் அடிப்புறம், வெளிச்சத்திற்கு எதிரே பிடித்த ஒரு சிற்றிலை, காம்பின் அடி ஆகிய மூன்றையும் படமெடுத்து அனுப்புங்கள். இருந்தால் தளிரையும்.