எழுத்தில் ஒன்று, எண்ணில் ஒன்று

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, திருச்சியிலிருந்து அத்தை வாட்ஸ்அப்பில் ஒரு செக்கின் படத்தை அனுப்பியிருந்தார். பின்னாலேயே குரல் செய்தி.

"கண்ணு, வீட்டை வாங்குறவங்க செக் குடுத்துட்டாங்க. திங்கக்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்து. எனக்கு எழுத்து சரியாத் தெரியல, நீ பாத்துச் சொல்லு. அங்கல்லாம் போன்ல படம் புடிச்சே செக் போடலாமாமே, நீயே போட்டுடேன்."

கடைசி வரிக்குச் சிரித்துவிட்டேன். லண்டனில் நாம் அப்படிப் போடுவது உண்மைதான். 2017 முதல் இங்கே செக்கின் படமே வங்கிகளுக்கிடையே போய்வருகிறது. ஆனால் அது இந்த நாட்டு வங்கிகளின் பவுண்ட் செக்குகளுக்கு மட்டும். அத்தையின் ரூபாய் செக்கை அத்தைதான் திருச்சியில் போட வேண்டும். என் வேலை பார்த்துச் சொல்வது.

பார்த்தேன். பெட்டிக்குள் 12,50,000. பேசின விலை பன்னிரண்டரை லட்சம். "சரியா இருக்கு அத்தை" என்று டைப் பண்ணிவிட்டேன்.

அனுப்பும் முன் என் பத்து வயதுப் பையன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். "அம்மா, கமா ஏன் தப்பான இடத்துல இருக்கு?"

இந்தியாவில் வலமிருந்து முதல் மூன்று இலக்கத்துக்கு ஒரு கமா, அப்புறம் இரண்டிரண்டாக என்று விளக்கினேன். அவன் விடவில்லை. எழுத்தில் இருந்ததை உரக்க வாசித்தான்: "ஒன் லேக் ட்வென்டி ஃபைவ் தௌஸண்ட் ஒன்லி. லேக்னா என்ன?"

"நூறாயிரம்."

"அப்போ இது நூத்தி இருபத்தஞ்சாயிரம்தானே? பெட்டியில ஒன்னேகால் மில்லியன் இருக்கே?"

ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம். பத்தில் ஒரு பங்கு. நானும் அந்த வரியைப் பார்த்திருந்தேன், ஆனால் வாசிக்கவில்லை. இரண்டிலுமே வருவது அதே 1, 2, 5. பெட்டியில் பார்த்த எண்ணையே எழுத்திலும் பார்த்துவிட்டு என் கண் நகர்ந்துவிட்டது. லட்சக் கணக்கோடு வளராததால் பூஜ்ஜியங்களை எண்ணவும் தோன்றவில்லை. 1250000 என்று கமாவே இல்லாமல் ஒரு தாளில் எழுதிப் பார்த்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

இதில் எது செல்லும்? பலர் பெட்டியில் உள்ள எண் என்றுதான் நினைப்பார்கள். சட்டம் நேரெதிர். இந்தியாவின் 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி, இரண்டும் வேறுபட்டால் எழுத்தில் உள்ள தொகைதான் கணக்கு. இங்கே பிரிட்டனிலும் 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு அதையேதான் சொல்கிறது. ஒரு பூஜ்ஜியத்தை நுழைப்பது எளிது, ஒரு வார்த்தையை நுழைப்பது கஷ்டம். வங்கிக்காரர்கள் எழுத்தில் உள்ளதை 'லீகல் அமவுண்ட்' என்றும், பெட்டியில் உள்ளதை 'கர்ட்டசி அமவுண்ட்' என்றும் சொல்வார்கள். பெயரிலேயே தெரிகிறது இல்லையா?

நடைமுறையில் வங்கி பெரும்பாலும் இப்படிப்பட்ட செக்கைத் திருப்பி அனுப்பிவிடும். அது நடந்தால்கூட அத்தைக்குச் சிக்கல்தான். திங்கட்கிழமை பத்திரத்தில், இந்த எண்ணுள்ள செக் மூலம் முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன் என்று அவர் கையெழுத்துப் போட்டிருப்பார். செக் திரும்பும்போது வீடு அவர் பெயரில் இருக்காது.

உடனே போன் போட்டேன். வாங்குகிறவர் நல்ல மனுஷர்தான், அவசரத்தில் எழுதியிருக்கிறார். "ஐயோ, அடிச்சுத் திருத்திக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றாராம். அதுவும் ஆகாது. 2010 டிசம்பரிலிருந்து இந்திய வங்கிகளுக்கிடையே படமாகப் போகும் செக்கில் பெயரையோ தொகையையோ திருத்தக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. புது இதழில்தான் எழுத வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை புதுச் செக்கின் படம் வந்தது. முதல் படத்தில் அத்தையின் கட்டைவிரல் எழுத்து வரியின் தொடக்கத்தை மறைத்திருந்தது. 'டென்' இருந்தாலும் 'டூ' இருந்தாலும் தெரியாது. "செக்கை மேசைமேல வச்சு, நேரா மேலேருந்து எடுங்க அத்தை, நாலு மூலையும் தெரியணும்" என்றேன். மூன்றாவது படம் தெளிவாக இருந்தது.

இந்தத் தடவை பெட்டியை நான் கையால் மூடிக்கொண்டேன். பையன் எழுத்தை மட்டும் வாசித்தான்: "ட்வெல்வ் லேக் ஃபிஃப்டி தௌஸண்ட் ஒன்லி." அதைக் கேட்டுத் தாளில் எண்ணாக எழுதினேன், ஏழு இலக்கம். அப்புறம் கையை எடுத்து, கமாவை விட்டுவிட்டு வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். பொருந்தியது.

"பழைய செக்கை என்ன பண்ணினீங்க அத்தை?"

"அவரே வாங்கிக் கிழிச்சுப் போட்டாரு. ஆமா, புள்ளைக்கு லட்சம்னா என்னன்னே தெரியாதாமே? என்னடி சொல்லிக் குடுத்திருக்க?"