மின்சாரம் நின்ற அரங்கில்

மேடையில் ஒலிவாங்கி மட்டும் பழுதாவது ஒருவகை இடர். மின்சாரமே நின்றுபோவது வேறுவகை. இரண்டாவதையே நான் எளிதென்பேன். ஒலிவாங்கி ஓய்ந்தாலும் மின்விசிறிகள் ஓடிக்கொண்டிருக்கும்; அவற்றின் இரைச்சலோடு தொண்டை போட்டியிட வேண்டும். மின்சாரம் நின்றாலோ விசிறிகளும் அடங்கிவிடுகின்றன. முதல் சலசலப்பு ஓய்ந்ததும் அரங்கில் எதிர்பாராத அமைதி பிறக்கிறது.

ஒரு பள்ளியில் தமிழ்ப் பிராமி எழுத்துகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் கல்வெட்டின் படம் திரையில் தோன்றவிருந்த நேரத்தில் எல்லாம் அணைந்தன. பதறாமல் சில நொடிகள் காத்திருந்தேன். சலசலப்பின் மேல் பேசினால் அந்தச் சொற்கள் யாருக்கும் பயன்படுவதில்லை. பின்வரிசை மாணவர்களை முன்னே அழைத்துவிட்டு, நானும் மேடையிலிருந்து இறங்கினேன். திறந்தவெளியில் தொலைவு இருமடங்கானால் ஒலியின் செறிவு நான்கில் ஒரு பங்காகக் குறையும். அரங்கச் சுவர்கள் ஒலியை ஓரளவு திருப்பித் தந்தாலும், நெருங்கி நிற்பதைப் போன்ற உதவி வேறில்லை. கத்துவது உதவாது, குரல் கீச்சிடும், தொண்டையும் விரைவில் களைக்கும்.

தமிழில் பேசுவோர்க்கு இங்கே தனியொரு சிக்கல் உண்டு. நம் வாக்கியத்தில் வினைமுற்று இறுதியில் நிற்கிறது. நீண்ட வாக்கியத்தின் முடிவில் மூச்சுக் குறைந்து குரல் தாழும். 'அரசன் அந்தக் கொடையை அளித்தான்' என்பதா, 'அளிக்கவில்லை' என்பதா என்று பின்வரிசைக்குத் தெரியாமற் போகும். செய்தியின் உயிரே அந்தக் கடைசிச் சொல்லில்தானே இருக்கிறது! ஆகவே வாக்கியங்களைச் சுருக்கி, ஒவ்வொன்றுக்கும் முன் மூச்சை நிரப்பிக்கொண்டு, வினைமுற்றையும் தொடக்கச் சொல்லின் வலிமையோடு சொன்னேன். கண்ணைக் கடைசி வரிசையில் வைத்திருந்தேன். ஒருவர் அடுத்தவரை நோக்கித் திரும்பினால் ஏதோ ஒரு சொல் தவறிவிட்டது என்று பொருள். அந்த வாக்கியத்தை மீண்டும் சொல்வேன்.

படத்திற்கு மாற்றாக, சன்னலருகே இருந்த கரும்பலகை கிடைத்தது. கூட்டல் குறியைப் போல ஒன்று வரைந்து, "இதுதான் 'க'" என்றேன். வலப்புறம் திறந்த அரைவட்டம் ஒன்றை அதன் அருகில் இட்டு, "இது 'ட'" என்றேன். அந்தக் கல்வெட்டில் கடலன் வழுதி என்னும் பெயர் வருகிறது; அதன் முதல் இரண்டு எழுத்துகள் இவையே. திரையில் ஒரு முழு வரியும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். பலகையிலோ கோடு கோடாக வளர்கிறது. கைகள் குறிப்பேடுகளில் அதனுடனேயே வரைகின்றன.

கால்மணி நேரத்திற்குப் பிறகு மின்சாரம் வந்தது. ஒலிபெருக்கி 'டொம்' என்று ஒலிக்க, ஒலிவாங்கியைச் சற்றுத் தள்ளிவைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். தவறிய படங்கள் எல்லாவற்றையும் திரும்பக் காட்ட நேரமில்லை. மாங்குளம் படத்தை மட்டும் திரையிட்டேன். நான் சுட்டுமுன்பே பின்வரிசையிலிருந்து வந்த மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அதோ 'கட'!" என்றாள்.